பாலத்து நெரிசலில் கரைந்த தூரம்: பினாங்கில் ஒரு மின்சாரக் காரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரின் உரிமையாளர் செபராங் ஜெயா பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர். வேலை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில். வீட்டிலிருந்து வேலையிடம் 26 கிலோமீட்டர், நடுவில் பினாங்குப் பாலம். கார் இரண்டு வருடம் பழையது. எல்எஃப்பி வகை பேட்டரி, புதிதில் 60 கிலோவாட்-மணி கொள்ளளவு. வெளிக்காற்றின் வெப்பத்தை அள்ளி உள்ளே கொண்டுவரும் வெப்பப் பம்ப் கிடையாது. கேபினைச் சூடாக்க மின்சாரத்தில் எரியும் பிடிசி ஹீட்டர்தான்.

நான் பதினைந்து வருடமாகக் கார் ஏர்கோன் வேலை பார்க்கிறேன். மின்சாரக் கார்களைத் தொடத் தொடங்கியது கடைசி சில வருடங்களில்தான். அவர் எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் மைத்துனர். வந்ததும் சொன்னது இதுதான்: "அண்ணே, முன்ன ஃபுல் சார்ஜுக்கு 390 போகும். இப்ப 250 தாண்ட மாட்டேங்குது. மழை நாள்ல அதுவும் இல்ல. பேட்டரி செத்துக்கிட்டு இருக்கு."

விற்ற இடத்தில் காட்டியிருக்கிறார். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது பொய்யில்லை, உண்மையிலேயே பிழை எதுவும் இல்லை. ஆனால் 140 கிலோமீட்டர் எங்கே போனது என்று கேட்டவருக்கு அது பதிலும் இல்லை.

கூட ஒரு விவரம் சொன்னார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் முன்பு அவர் இரவு ஷிஃப்டிலிருந்து பகல் வேலைக்கு மாறியிருக்கிறார். மனைவிக்கும் அதே வட்டாரத்தில் வேலை கிடைத்ததால் இப்போது இருவரும் ஒரே காரில் போகிறார்கள்.

முதலில் நான் செய்த தவறு

ஏர்கோன்காரன் புத்தி ஏர்கோன் பக்கம்தான் போகும். கம்ப்ரசர் அதிக நேரம் ஓடுகிறது என்றால் கேஸ் குறைந்திருக்கும் என்று நினைத்து, அரை நாள் அழுத்தம் பார்த்தேன். இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. கண்டென்சரில் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வருவதற்கு முன் அவர் வீட்டுப் பக்கத்தில் ஒரு பட்டறையில் "கேஸ் டாப்-அப் பண்ணிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல வேளை, செய்யவில்லை. மின்சாரக் காரின் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. மோட்டார் சுருள் கேஸுக்கும் எண்ணெய்க்கும் உள்ளேயே இருக்கிறது. அதற்குப் பொதுவாகப் பிஓஇ எண்ணெய்தான் ஊற்றுவார்கள், மின்சாரம் அதில் கசியாது. சாதாரண கார்களுக்குப் பயன்படுத்தும் பிஏஜி எண்ணெய் மிச்சமிருக்கும் கேஸ் நிரப்பும் மெஷினை மாட்டினால், கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு குறையும். பிறகு கார் "மின்கசிவு" என்று சொல்லி நின்றுவிடும். நாற்பது ரிங்கிட் டாப்-அப் கம்ப்ரசர் மாற்றுவதில் போய் முடியலாம்.

பேட்டரியைச் சோதித்தது

இரண்டாவது நாள், அவர் சந்தேகத்தையே முதலில் முடித்துவிடலாம் என்று பேட்டரியைப் பார்த்தோம். 12 விழுக்காட்டில் இருந்த காரை, மீட்டர் உள்ள 7 கிலோவாட் ஏசி சார்ஜரில் போட்டு முழுக்க ஏற்றினோம். மீட்டர் காட்டியது 55 யூனிட், அதாவது 55 கிலோவாட்-மணி. ஏசி சார்ஜிங்கில் ஏறத்தாழ 9 விழுக்காடு வழியிலேயே வெப்பமாகப் போகும் என்று வைத்தால், பேட்டரிக்குள் போனது 50. அது 88 விழுக்காட்டுக்கான அளவு. முழுசுக்குக் கணக்கிட்டால் 57 யூனிட் வருகிறது.

புதிதில் 60, இப்போது 57. இரண்டு வருடத்துக்கு இது சாதாரணத் தேய்மானம். இதனால் குறையக்கூடியது இருபது கிலோமீட்டர். ஆக, மீதி 120 கிலோமீட்டரைப் பேட்டரி தின்னவில்லை, வேறு ஏதோ தின்கிறது.

காரில் கவனித்தது

கண்டறியும் சாக்கெட்டில் ஒரு சிறிய கருவியைச் செருகி, கைபேசி வழியாக ஐந்து நாள் பதிவு செய்தோம். கம்ப்ரசர் எடுக்கும் சக்தி, ஹீட்டர் எடுக்கும் சக்தி, பேட்டரியின் வெப்பநிலை, வேகம், இவ்வளவுதான். ஓட்டும் பழக்கத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

காலையில் 26 கிலோமீட்டருக்கு 70 நிமிடம். மாலையில் 85 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். இரவு ஷிஃப்டில் இருந்தபோது இதே தூரம் 35 நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. காரை நகர்த்துவதற்கான மின்சாரம் தூரத்தைப் பொறுத்தது. ஏர்கோனும் ஹீட்டரும் தின்பது நேரத்தைப் பொறுத்தது. பாலத்தில் கார் நின்றாலும் கம்ப்ரசர் நிற்காது. 2 கிலோவாட் எடுக்கும் ஏர்கோனை 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் நூறு கிலோமீட்டருக்கு இரண்டரை யூனிட் போகும். அதே ஏர்கோன் 20 கிலோமீட்டர் வேகத்தில் பத்து யூனிட் தின்னும். நகரத்தில் மின்சாரக் கார் சிக்கனம் என்று விளம்பரத்தில் சொல்வது மோட்டாருக்குச் சரி. ஈரப்பதமுள்ள 33 டிகிரி வெயிலில் மூடிய கேபினில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

காலைப் பதிவைப் பார்த்தபோது என் கண்ணை நம்பவில்லை. கம்ப்ரசர் சராசரியாக 0.9 கிலோவாட், அது எதிர்பார்த்ததுதான். அதன் கூடவே ஹீட்டர் 1.1 கிலோவாட் எடுத்துக்கொண்டிருந்தது. பினாங்கில், காலை ஆறே முக்காலுக்கு, வெளியே 25 டிகிரி இருக்கும்போது ஹீட்டர்!

மனைவியிடம் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. "ரொம்பக் குளிரா இருக்குண்ணே, அதான் 27-ல வச்சிடுவேன். 27 வச்சா ஏர்கோன் கம்மியாதானே ஓடும், கரண்டும் மிச்சம்னு நெனச்சேன்" என்றார். நியாயமான நினைப்புதான். வீட்டு ஏர்கோனில் அப்படித்தான் நடக்கும்.

காரில் அப்படி நடக்கவில்லை. ஏர்கோன் பொத்தான் எரிந்துகொண்டிருந்ததால் கம்ப்ரசர் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கக் கூலிங் காயிலை எட்டு டிகிரி அளவுக்குக் குளிர வைக்கிறது. வெளியே வரும் அந்தக் காற்றை 27 டிகிரியாகக் கொடுக்க வேண்டுமே, அதற்காகப் பின்னாலேயே ஹீட்டர் அதைத் திரும்பச் சூடாக்குகிறது. குளிர வைக்கவும் காசு, சூடாக்கவும் காசு. பெட்ரோல் காரிலும் இதே வேலை நடப்பதுண்டு. ஆனால் அங்கே சூடு எஞ்சினிலிருந்து சும்மா வருகிறது. எப்படியும் ரேடியேட்டரில் வீணாகப் போகும் வெப்பம் அது. மின்சாரக் காரில் இலவச வெப்பம் இவ்வளவு கிடையாது, பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும்.

கருவி இல்லாமலும் இதைக் கண்டுபிடிக்கலாம். துவாரத்தில் கை வைத்தால் காற்று வெதுவெதுப்பாக இருக்கும், அதே நேரம் காரின் அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். சொட்டுகிறது என்றால் கூலிங் காயில் வேலை செய்கிறது. காற்று வெதுவெதுப்பு என்றால் ஹீட்டரும் வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்து நடந்தால் இரண்டு பக்கமும் மின்சாரம் போகிறது.

பேட்டரி குளிர்விப்பு: சத்தம் பெரிது, செலவு சிறிது

உரிமையாளரின் சந்தேகம் வேறு. வாரத்தில் இரண்டு நாள், வேலை முடிந்ததும் பக்கத்திலுள்ள டிசி வேகச் சார்ஜரில் ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போவார். அந்த நாட்களில் முன்பக்க விசிறி இரைந்துகொண்டே இருக்கும், கேபினும் சரியாகக் குளிராது. "பேட்டரிய கூல் பண்ணியே சார்ஜு போகுது. அத ஆஃப் பண்ண முடியுமாண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பதிவில் பார்த்தோம். வெயிலில் நின்ற கார், அதன் மேல் வேகச் சார்ஜிங். பாலத்துக்கு ஏறும்போது பேட்டரி 42 டிகிரி. இந்தக் காரில் அது 32 டிகிரிக்கு வரும்வரை சில்லர் ஓடுகிறது. சில்லர் என்பது ஏர்கோன் கேஸை வைத்துப் பேட்டரியின் கூலண்ட் தண்ணீரைக் குளிர வைக்கும் சிறிய பெட்டி. ஒரே கம்ப்ரசர்தான், கேபினுக்கும் பேட்டரிக்கும் பங்கு போடுகிறது. அதனால்தான் அந்த நேரத்தில் கேபினில் குளிர் குறைகிறது. கோளாறு எதுவும் இல்லை.

செலவு எவ்வளவு? பேட்டரி நானூறு கிலோ சொச்சம். அதை ஒரு டிகிரி குறைக்க ஏறக்குறைய 0.11 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். பத்து டிகிரிக்கு 1.1 யூனிட். ஆனால் கம்ப்ரசர் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தில் இரண்டரை யூனிட் வெப்பத்தை அள்ளி வெளியே போடும். ஆக, மின்சாரச் செலவு அரை யூனிட்டுக்கும் குறைவு. கூலண்ட் பம்பையும் விசிறியையும் சேர்த்தால் அரை யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள்.

காலை ஹீட்டர் ஒரு நடையில் 1.3 யூனிட் தின்றது, ஒரு சத்தமும் இல்லாமல், தினமும். மாலையில் மழை பிடித்தால் வெளிவெப்பம் 25-க்கு இறங்கும், ஹீட்டர் மறுபடியும் சேர்ந்துகொள்ளும். அதனால் இன்னொரு ஒன்றரை யூனிட். மழை நாளில் தூரம் மேலும் குறைந்ததற்கு ஈரச் சாலையும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம். ஆனால் பெரிய பங்கு இதுதான்.

மொத்தக் கணக்கு இப்படி வந்தது. ஒரு காய்ந்த நாளில், போக வர 52 கிலோமீட்டருக்குக் காரை நகர்த்த 6 யூனிட். ஏர்கோன், ஹீட்டர், பம்புகள், மற்ற சின்னச் சின்ன மின்கருவிகள் எல்லாம் சேர்ந்து 5.9 யூனிட். நகர்வதற்கும் உட்கார்ந்திருப்பதற்கும் சரிபாதி. நூறு கிலோமீட்டருக்கு 22.9 யூனிட் என்றால் 57 யூனிட் பேட்டரியில் 250 கிலோமீட்டர். அவர் சொன்ன எண் அப்படியே வந்து நின்றது. அதற்குமேல் தேட வேண்டியதில்லை என்று அப்போதுதான் நம்பினேன்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில், எதைச் செய்யவில்லை என்று சொல்கிறேன். பேட்டரி குளிர்விப்பைத் தொடவில்லை. அதை நிறுத்தினால் மிச்சமாவது வாரத்துக்கு ஒரு யூனிட். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் பேட்டரியை நாற்பதுக்கு மேல் விட்டுவைத்தால் அது சீக்கிரம் முதுமையடையும். வேலையிடத்து நண்பர் ஒருவர் "ஏர்கோனை ஆஃப் பண்ணிட்டுக் கண்ணாடிய இறக்கு" என்றாராம். பாலத்தின் நடுவில், லாரிகளுக்கு நடுவே, எண்பத்தைந்து நிமிடம்? அது யோசனையே இல்லை.

செய்தது மூன்று. காலையில் வெப்பநிலையை 24-ல் வைத்து விசிறியைக் குறைத்தோம். மனைவியின் பக்கத்துத் துவாரத்தைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டோம். அவருக்குக் குளிர்ந்தது வெப்பநிலையால் அல்ல, முகத்தில் நேராக அடித்த காற்றால்தான். அது புரிந்ததும் 24 அவருக்கு ஒத்துப்போனது. ஒரு மெல்லிய சால்வையும் காரில் இருக்கிறது.

இரண்டாவது, தொழிற்சாலையின் திறந்த வெளி இடத்தை விட்டுவிட்டு, மாடி வாகன நிறுத்தத்தின் இரண்டாம் தளத்தில் காரை விடச் சொன்னேன். வெயிலில் நின்ற கேபினைக் குளிர வைக்கும் முதல் கால் மணி நேரம்தான் மாலை நடையின் மிகப் பெரிய செலவு. அப்போது கம்ப்ரசர் 3 கிலோவாட் வரை போனது.

மூன்றாவது, டிசி சார்ஜிங்கை மாலையிலிருந்து இரவு ஒன்பதுக்கு மேல், வீட்டுப் பக்கத்து நிலையத்துக்கு மாற்றினோம். இதில் மிச்சமாகும் மின்சாரம் சொற்பம் என்று அவரிடம் நேராகவே சொன்னேன். காரணம் வேறு: பாலத்தில் கேபின் ஒழுங்காகக் குளிரும், சில்லர் அதோடு போட்டி போடாது. அப்படிக் குளிராதபோதுதான் அவர் 18-க்கு இறக்குவார், மனைவி கொஞ்ச நேரம் கழித்து 27-க்கு ஏற்றுவார்.

நான்காவதாக ஒன்று சொல்லிப் பார்த்தேன்: காலையில் அரை மணி நேரம் முன்னால் கிளம்புவது. நெரிசல் நேரம் குறைந்தால் அதுவும் மிச்சப்படுத்தும். பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும், முடியாது என்றார்கள். சரி, அதோடு விட்டுவிட்டேன்.

பிறகு நடந்தது

மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஐந்து நாள் பதிவு. காலை நடையின் ஏர்கோன் வகைச் செலவு 2.8 யூனிட்டிலிருந்து 1.4-க்கு இறங்கியிருந்தது, ஹீட்டர் பூஜ்யம். மாலையில் 3.1-லிருந்து 2.5. நூறு கிலோமீட்டருக்கு 19 யூனிட், முழுச் சார்ஜுக்கு 300 கிலோமீட்டர். பழைய 390 திரும்ப வரவில்லை, வரவும் வராது. அது 35 நிமிடப் பயணத்தின் எண்.

திரையில் தெரியும் தூரம் மட்டும் சில நாள் பழையபடியே குறைவாகக் காட்டியது, அவரும் போன் போட்டார். அந்த எண் சமீபத்தில் எப்படிச் செலவானது என்பதை வைத்துக் கார் போடும் ஊகம். பழக்கம் மாறி ஓரிரு சார்ஜ் கடந்த பிறகுதான் அது ஏறியது.

மழை நாளில் 24-ல் வைத்தால் முன்கண்ணாடி மூடுபனி பிடிப்பதாகச் சொன்னார்கள். கண்ணாடியின் மூடுபனியை நீக்கும் பொத்தானை அழுத்தினால் கம்ப்ரசரும் ஹீட்டரும் முழு வேகத்தில் ஓடும். அது தேவையான செலவு, பார்வை தெரியாமல் ஓட்டக்கூடாது. தெளிந்ததும் இரண்டு நிமிடத்தில் அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். முன்பு அவர்கள் வீடு வரும்வரை அதை அணைப்பதே இல்லை.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போனார்கள். சிம்பாங் பூலாய் வழியாக ஏறும்போது சார்ஜ் மளமளவென்று இறங்கவும், "ஹீட்டர் போட்டதால்தானே?" என்று நடுவழியில் கேட்டார். இல்லை. நாலு பேரும் சாமானும் ஏறிய இரண்டு டன் எடையை ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் தூக்க எட்டு யூனிட்டுக்கு மேல் ஆகும். அது மலையின் விலை. இறங்கும்போது பாதிக்கு மேல் திரும்பக் கிடைத்தது. பிரிஞ்சாங்கில் இரவு பதினேழு டிகிரியில் ஹீட்டரைப் போட்டு ஒரு மணி நேரம் சுற்றியதற்கு ஒன்றரை யூனிட்தான் ஆனது. அங்கே அது அவசியமான ஹீட்டர், குறை சொல்ல ஒன்றுமில்லை.

உறைபனி நாடுகளில் குளிர்காலத்தில் மின்சாரக் காரின் தூரம் வெகுவாகக் குறைகிறது என்று படிப்பவர்கள் நம் ஊரிலும் அப்படி ஆகுமோ என்று கேட்பதுண்டு. அங்கே ஹீட்டர் மட்டுமே மூன்று நான்கு கிலோவாட் வரை எடுக்கும், குளிர்ந்த பேட்டரியையும் சூடாக்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான் வெப்பப் பம்ப். நமக்கு அது இல்லாமல் பெரிய நட்டமில்லை, ஹீட்டர் நமக்குத் தெரியாமல் ஓடாத வரைக்கும்.

மறுபடி இப்படி வந்தால்

கேஸ் அழுத்தத்தை முதல் நாளே பார்க்க மாட்டேன். ஏர்கோன் சரியாகக் குளிர்கிறது என்று அவரே சொல்லியிருந்தார். அதைக் காதில் வாங்கியிருந்தால் அரை நாள் மிச்சம். ஷிஃப்ட் மாறியது எப்போது, தூரம் குறைந்தது எப்போது என்ற இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால் பேட்டரிச் சோதனைக்கு முன்பே திசை தெரிந்திருக்கும்.

பயணியையும் முதலிலேயே கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். நான்கு நாள் ஓட்டுநரிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன். வெப்பநிலைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்து இருக்கையில் இருந்தார்.

இப்போது என் பட்டறையில் மின்சாரக் கார் வந்தால் நிரப்பும் தாளில் "தினமும் எத்தனை கிலோமீட்டர்?" என்ற கேள்விக்குக் கீழே "எத்தனை நிமிடம்?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கேபின் எத்தனை டிகிரியில் இருக்கும் என்பது அதற்கும் கீழே.